லிக்விட் ஃபண்டும் மணி மார்க்கெட் ஃபண்டும்

சில நாள் முதல் சில மாதம் வரை கையில் தங்கும் பணத்தை நிறுத்திவைக்கப் பயன்படும் இரண்டு மியூச்சுவல் ஃபண்ட் வகைகள். இந்தியாவில் இவற்றின் எல்லையை வகுத்தது, 2017 அக்டோபரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட வகைப்பாட்டுச் சுற்றறிக்கை. அதன்படி, லிக்விட் ஃபண்ட் 91 நாள்களுக்குள் முதிரும் கடன் பத்திரங்களை மட்டுமே வாங்கலாம். மணி மார்க்கெட் ஃபண்ட் ஓராண்டு வரை முதிரும் பணச்சந்தைப் பத்திரங்களை வாங்கலாம். வாங்கும் சரக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. அரசின் டிரஷரி பில், வங்கிகள் விற்கும் சர்டிஃபிகேட் ஆஃப் டெபாசிட், நிறுவனங்கள் ஈடு வைக்காமல் கடன் வாங்கும் கமர்ஷியல் பேப்பர் ஆகியவையே இரண்டிலும் இருக்கும். வேறுபாடு காலத்தில் இருக்கிறது. இவ்வகை ஃபண்டுகளின் நயமும் ஆபத்தும் பெரும்பாலும் அந்தக் காலத்திலிருந்தே பிறக்கின்றன.

வட்டி விகிதம் ஏறினால், ஏற்கெனவே குறைந்த வட்டியில் வாங்கிய பத்திரத்தின் விலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது அந்தப் பத்திரம் முதிர இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு லிக்விட் ஃபண்டின் பத்திரங்கள் சராசரியாக 40 நாளில் முதிர்கின்றன என்று கொள்வோம். சந்தை வட்டி ஒரே நாளில் 0.5 சதவீதப் புள்ளி ஏறினால் அதன் மதிப்பு சுமார் 0.055% குறையும், ஆண்டுக்கு 6.5% ஈட்டும் ஃபண்டு அதை மூன்று நாளில் ஈடுகட்டிவிடும். சராசரி முதிர்வு ஏழு மாதமாக உள்ள மணி மார்க்கெட் ஃபண்டில் அதே ஏற்றம் ஏறத்தாழ 0.3% இழப்பைத் தரும். அது மீண்டு வரப் பதினைந்து நாளுக்கு மேலாகும். அதனால் ஓரிரு வாரத்தில் எடுக்கப்போகும் பணத்துக்கு மணி மார்க்கெட் ஃபண்ட் பொருந்தாது. ஆறு மாதம், ஓராண்டு தங்கும் பணமாக இருந்தால் அந்த அதிர்வைத் தாங்க அவகாசம் உண்டு.

இது ஏட்டளவில் நின்ற ஆபத்து அன்று. 2013 ஜூலை 15 இரவு, சரியும் ரூபாயைத் தாங்க ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கான அவசரக் கடன் வட்டியை 8.25 சதவீதத்திலிருந்து 10.25 சதவீதத்துக்கு ஏற்றியது. மறுநாள் லிக்விட் ஃபண்டுகளின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, இறங்கியது. லிக்விட் ஃபண்ட் இறங்காது என்றே அதுவரை நம்பியவர்கள் ஏராளம். பணம் எடுக்க நெருக்கடி வந்ததும், ஃபண்டுகளுக்கு வங்கிகள் வழியே கடன் கிடைக்க ரிசர்வ் வங்கி 25,000 கோடி ரூபாய்க்கு ஒரு சிறப்பு வசதியைத் திறந்தது.

வட்டி தரும் அதிர்வு நாளடைவில் ஆறிவிடும். கடன் வாங்கியவரே திருப்பித் தராவிட்டால் ஆறாது. 2017 பிப்ரவரியில் பல்லார்பூர் இண்டஸ்ட்ரீஸ் என்ற காகித நிறுவனத்தின் கடன் மதிப்பீடு தாழ்த்தப்பட்டபோது, அதன் பத்திரத்தை வைத்திருந்த டாரஸ் லிக்விட் ஃபண்டின் மதிப்பு ஒரே நாளில் சுமார் 7% சரிந்தது. ஓராண்டுக்கும் மேலான ஈட்டம் ஒரு நாளில் போனது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஐஎல்&எஃப்எஸ் நிறுவனம் தவணை தவறியபோதும் சில லிக்விட் ஃபண்டுகள் அடிவாங்கின. அந்த நிறுவனத்துக்குச் சில வாரங்கள் முன்புவரை உச்ச மதிப்பீடு இருந்தது. மதிப்பீட்டை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதற்கில்லை.

இதற்குப் பின் செபி விதிகளை இறுக்கியது. லிக்விட் ஃபண்ட் குறைந்தது 20 சதவீதத்தை ரொக்கம், அரசுப் பத்திரம் போன்ற உடனே காசாகும் வடிவில் வைத்திருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல், பத்திரங்களை வாங்கிய விலையிலிருந்து நாளுக்கு நாள் சீராக ஏற்றிக் கணக்கிடும் பழைய முறை போய், எல்லாவற்றையும் சந்தை விலையில் மதிப்பிடுவது கட்டாயமானது. என்ஏவி இப்போது முன்னைவிடச் சற்று ஆடும். மறைந்திருந்த ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் இது நல்ல மாற்றமே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் மனை விற்ற பணத்தில் 10 லட்ச ரூபாயை, 45 நாள் கழித்து நடக்கும் இன்னொரு பத்திரப்பதிவுக்காக லிக்விட் ஃபண்டில் போடுகிறார். ஆண்டு ஈட்டம் 6.5% என்றால் கிடைப்பது சுமார் 8,014 ரூபாய். வாங்கும்போது 0.005% முத்திரை வரி, அதாவது 50 ரூபாய், கழியும். 2023 ஏப்ரலுக்குப் பின் போட்ட பணம் என்பதால், எத்தனை நாள் வைத்திருந்தாலும் லாபம் அவருடைய வருமான வரி அடுக்கிலேயே சேரும். 30% அடுக்கில் இருந்தால் செஸ் உட்படக் கழித்து கையில் நிற்பது ஏறக்குறைய 5,480 ரூபாய். அதே பணம் 2.5% தரும் சேமிப்புக் கணக்கில் இருந்திருந்தால், வட்டி முழுவதும் வரிக்கு உட்பட்ட நிலையில், 2,120 ரூபாய் மிஞ்சும். கூடுதல் ஆதாயம் சுமார் 3,360 ரூபாய். டாரஸில் நடந்ததுபோல் 7% சரிந்தால் இழப்பு 70,000 ரூபாய். ஆதாயத்தைப்போல இருபது மடங்கு. அப்படி நடப்பது அரிது. ஆனாலும் பக்கத்து ஃபண்டைவிட 0.2% கூடத் தருகிறது என்று ஒரு லிக்விட் ஃபண்டைத் தேர்ந்தெடுப்பது இந்தக் கணக்குக்கு ஒவ்வாது. அந்த 0.2% இந்த 45 நாளில் வரிக்கு முன் 250 ரூபாய்கூடத் தேறாது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் சற்றே பலவீனமான கடனாளியிடமிருந்தோ நீண்ட முதிர்விலிருந்தோதான் வரும்.

அதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. கடன் சார்ந்த ஃபண்டுகள் தங்கள் பத்திரப் பட்டியலை இரு வாரத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். அதில் தனியார் நிறுவனங்களின் கமர்ஷியல் பேப்பர் எவ்வளவு, ஒரே குழுமத்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா, சராசரி முதிர்வு எத்தனை நாள் என்று பார்த்தால் போதும். அரசுப் பத்திரமும் பெரிய வங்கிகளின் சர்டிஃபிகேட்டும் பெரும்பகுதியாக இருந்தால், ஈட்டம் சற்றுக் குறைவாக இருந்தாலும் பணம் நிறுத்தும் வேலைக்கு அது போதும்.

நேரமும் கணக்கில் வரும். வேலைநாளில் மதியம் 1.30 மணிக்குள் விண்ணப்பமும் பணமும் ஃபண்டைச் சேர்ந்தால், லிக்விட் ஃபண்டில் முந்தைய நாள் என்ஏவி கிடைக்கும். அன்றே ஈட்டம் தொடங்கும். மேற்சொன்ன நபர் வெள்ளிக்கிழமை 2 மணிக்குப் பணம் அனுப்பினால், ஞாயிற்றுக்கிழமை என்ஏவியில்தான் யூனிட் கிடைக்கும். மூன்று நாள் ஈட்டமான சுமார் 530 ரூபாய் கைநழுவும். ஏழாம் நாளுக்கு முன் எடுத்தால் 2019 அக்டோபர் முதல் வெளியேறும் கட்டணமும் உண்டு. முதல் நாளில் எடுத்தால் 10 லட்சத்துக்கு 70 ரூபாய், ஆறாம் நாளில் 45 ரூபாய், ஏழாம் நாளிலிருந்து ஒன்றுமில்லை. ஓரிரு நாள் பணத்துக்கு ஓவர்நைட் ஃபண்ட் பொருத்தம்.

பணத்தைத் திரும்பப் பெறும்போது, 3 மணிக்குள் கேட்டால் லிக்விட் ஃபண்டிலிருந்து பொதுவாக அடுத்த வேலைநாளில் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். சில லிக்விட், ஓவர்நைட் ஃபண்டுகளில் உடனடியாக எடுக்கும் வசதி உண்டு. ஆனால் அதற்கு வரம்பு நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அல்லது இருப்பில் 90%, இவற்றில் எது குறைவோ அது. மணி மார்க்கெட் ஃபண்டில் இந்த வசதி இல்லை. சந்தை முழுவதும் முடங்கும் அசாதாரண நிலையில், 2 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை எடுப்பதைச் சில நாள்களுக்குக் கட்டுப்படுத்தவும் செபி விதியில் இடம் உண்டு. வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை உள்ள காப்பீடு இந்த யூனிட்களுக்குக் கிடையாது. நாளைக் காலை பதிவு அலுவலகத்தில் கட்ட வேண்டிய பணமும், நள்ளிரவில் மருத்துவமனையில் கேட்கக்கூடிய முன்பணமும் சேமிப்புக் கணக்கிலேயே இருக்க வேண்டியவை.