எழும்பூர் மணலிலிருந்து கைப்பந்துத் திடல் வரை

அலமாரியைச் சுத்தம் செய்தபோது மஞ்சளடித்துப்போன ஒரு சைக்ளோஸ்டைல் தாள் கையில் கிடைத்தது. மேலே "கைப்பந்து – கீழ்வீச்சு சர்வீஸ்" என்றும் அதன் கீழே நான்கு வரிகளும் இருந்தன. அதை ஸ்டென்சிலில் தட்டச்சு செய்தவன் நான்தான். அந்த நான்கு வரிக்குப் பின்னால் இருநூறு ஆண்டுக் கதை இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

கதை நம் பக்கத்து ஊரில் ஆரம்பிக்கிறது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. 1789-இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அதன் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைப் பார்த்தார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். இதையே நம் பள்ளியிலும் செய்யலாம் என்று தன் ஆசிரியரிடம் சொன்னார். அவர் முடியாது என்றார். பெல் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்ன வகுப்புக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கும் வேலையைக் கொடுத்தார். பையன் செய்துகாட்டினான். பிறகு பெல் வகுப்புக்குள்ளேயே ஜோடி சேர்த்தார். தெரிந்தவன் பக்கத்தில் தெரியாதவனை உட்காரவைத்தார். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆனால் 1797-இல் பெல் இதை லண்டனில் புத்தகமாகப் போட்டபோது, அது அங்கே "மெட்ராஸ் முறை" ஆகிவிட்டது.

அதே சமயத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். புத்தகம் வாங்கப் பணமில்லை. பாடத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டினார். ஒவ்வொரு அட்டையையும் சுற்றி ஒரு சிறு கூட்டம் அரைவட்டமாக நிற்கும். கையில் குச்சியோடு ஒரு சட்டாம்பிள்ளை. ஒரு புத்தகமே பள்ளி முழுதுக்கும் போதும். அட்டை என்ற யோசனை இந்தத் துறைக்குள் வந்தது இப்படித்தான்.

1815-இல் இது பாரிசுக்குப் போயிற்று. நெப்போலியன் திரும்பி வந்த அந்த நூறு நாள் ஆட்சியில் உள்துறை அமைச்சராக இருந்த லசார் கர்னோ இதை ஆதரித்தார். இதற்கென்றே ஒரு சங்கமும் தோன்றியது. பிரெஞ்சில் இதற்கு "ஆன்செய்ஞ்மான் முய்த்துவெல்" என்று பெயர். ஒருவருக்கொருவர் கற்பித்தல் என்று அர்த்தம். அட்டைக்குத் "தப்ளோ", சட்டாம்பிள்ளைக்கு "மொனித்தேர்". ஒருவன் தப்பாகப் படித்தால் அடுத்தவன் திருத்துவான். திருத்தியவன் அவனுடைய இடத்துக்கு ஏறுவான்.

இந்த இடம் மாறும் வழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். ஐம்பதுகளின் கடைசியில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், எங்கள் வகுப்பிலும் முசியே வாய்ப்பாடு கேட்கும்போது சுவரோரம் வரிசையாக நிறுத்துவார். பதில் சொன்னவன் மேலே போவான், சொல்லாதவன் கீழே இறங்குவான். என் பெஞ்சு நண்பன் ஒருவனுக்குக் கடைசி இடம் நிரந்தரம். எல்லோரும் அவனைத் திருத்தினோம். அவன் ஒருவனையும் திருத்தியதில்லை. அதற்கு வாய்ப்பே வரவில்லை. ஒரு வருடம் லீவு முடிந்து வந்து பார்த்தால் அவன் இல்லை. பள்ளியை விட்டுவிட்டான் என்றார்கள்.

பாரிசிலும் இதே ஓட்டைதான். "முய்த்துவெல்" என்பது பெயரில் மட்டும் இருந்தது. சொல்லிக்கொடுப்பவன் கடைசிவரை சொல்லிக்கொடுத்தான், கேட்பவன் கடைசிவரை கேட்டான். அதோடு மொனித்தேருக்கு அட்டையில் இருப்பது மட்டுமே தெரியும். ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. 1830-களில் கல்வி அமைச்சராக இருந்த கிஸோ, ஆசிரியரே வகுப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்தும் முறையை ஆதரித்தார். முய்த்துவெல் பள்ளிகள் மெல்ல மறைந்தன.

இந்த முறை மறுபடி உயிர்பெற்றது உடற்பயிற்சித் திடலில். மஸ்கா மாஸ்டன் என்பவர் அமெரிக்காவில் உடற்கல்வி பற்றி 1966-இல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னது மூன்று விஷயம். ஒருவன் செய்வான், இன்னொருவன் பார்ப்பான். பார்ப்பவன் கையில் எதைப் பார்க்க வேண்டும் என்ற அட்டை இருக்கும். பாதியில் இருவரும் வேலையை மாற்றிக்கொள்வார்கள். பெல்லும் லங்காஸ்டரும் செய்யாதது அந்த மூன்றாவதுதான்.

இனி என் மஞ்சள் தாளுக்கு வருகிறேன். எண்பதுகளில் என் அலுவலகத்துக்கு ஓர் உடற்கல்வி ஆசிரியர் அடிக்கடி வருவார். பயிற்சி முகாமில் இந்த முறையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு ஒரு வகுப்பில் அறுபது பேர், பந்து இருபதுதான். மூன்று மூன்று பேராகப் பிரித்தார். ஒருவன் சர்வீஸ் போட, ஒருவன் அட்டையோடு பார்க்க, ஒருவன் பந்து எடுத்துவர. பத்து சர்வீஸ் முடிந்ததும் வேலை மாறும்.

அவர் முதலில் கொண்டுவந்த தாளில் ஒன்பது வரி இருந்தது. அடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரமே திரும்பி வந்தார். "சார், பசங்க பார்க்கறதே இல்ல. ஒன்பதுக்கும் டிக் போட்டுட்டு நிக்கறாங்க" என்றார். பந்து ஒரு நொடியில் போய்விடும். அதற்குள் ஒன்பதை யார் பார்ப்பது? நான்காகக் குறைத்தோம். இடது கால் முன்னே இருக்கிறதா? பந்து இடது கையில், இடுப்பு உயரத்தில் இருக்கிறதா? அடிக்கும் கை முழங்கை மடங்காமல் ஊஞ்சல் போல் வருகிறதா? அடித்த பிறகு கை வலையை நோக்கி நிற்கிறதா? முதல் ஐந்து சர்வீஸுக்கு முதல் இரண்டை மட்டும், அடுத்த ஐந்துக்கு மற்ற இரண்டை மட்டும் பார்க்கச் சொன்னார்.

ஒரு நாள் நானும் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு பையன் ஒவ்வொரு பந்தையும் வலையில் போட்டான். அவன் இடதுகைக்காரன். அட்டை வைத்திருந்தவனோ "இடது கால் முன்னே வை, இடது கையிலே பிடி" என்று விடாமல் அதட்டிக்கொண்டிருந்தான். பாரிஸ் மொனித்தேரின் அதே தப்பு! ஆசிரியர் கிட்டே போனார். நேராக இடதுகைக்காரனைத் திருத்தியிருக்கலாம். அப்படிச் செய்தால் பார்ப்பவன் பேச்சுக்கு அதன்பின் மதிப்பிருக்காது. மாஸ்டனின் விதியும் அதுதான். அதனால் பார்ப்பவனிடம் மட்டும் கேட்டார். "அவன் எந்தக் கையால் அடிக்கிறான்?" பையன் யோசித்தான். "அப்ப எல்லாத்தையும் மாத்திப் போடணும் சார்" என்றான். மறுநாள் நான் முதல் வரியை "அடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கத்துக் கால்" என்றும் இரண்டாவதை "அடிக்காத கை" என்றும் மாற்றி அடித்தேன்.

பிறகு வேலை மாறியது. அதுவரை வலையில் போட்டுக்கொண்டிருந்தவன் அட்டையை வாங்கினான். எதிரே நின்றவன் வகுப்பிலேயே நல்ல ஆட்டக்காரனாம். மூன்றாவது சர்வீஸில் இவன் கையைத் தூக்கி, "உன் முழங்கை மடங்குது" என்றான். அது உண்மைதான். நல்ல ஆட்டக்காரன் தலையாட்டிவிட்டு மறுபடி போட்டான்.

எனக்கு என் பெஞ்சு நண்பன் ஞாபகம் வந்தான். ஒரு தடவையாவது அவன் கையில் அட்டையைக் கொடுத்து, எங்கள் வாய்ப்பாட்டை அவன் சரிபார்க்கட்டும் என்று விட்டிருக்கலாம். அட்டையில் விடை இருக்கும்போது அவனுக்கு வாய்ப்பாடு தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பான்.

தாளை மடித்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன். உங்கள் வகுப்பில் கடைசி இடத்தில் நின்றவர் யார், நண்பர்களே?