ஒருங்கிணைப்பில் எழும் நற்பெயரும் கையகப்படுத்தலுக்கு முந்தைய காப்புகளும்

ஒரு நிறுவனம் இன்னொன்றின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கும்போது, கொடுத்த விலை அந்தப் பங்குகளுக்குரிய நிகரச் சொத்தைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த வேறுபாடே ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பில் நற்பெயராக எழுதப்படுகிறது. விலை குறைவாக இருந்தால் அது முதலினக் காப்பு. இந்தியாவில் இதற்கான விதிகளைக் கணக்கியல் தரநிலை 21 தருகிறது. பெரிய நிறுவனங்களுக்கு இண்ட் ஏஎஸ் 103, 110 ஆகியவை பொருந்தும்.

ஒருங்கிணைப்பு இங்கே பழைய வழக்கமன்று. சேலம் உருக்காலைக்காகத் தொடங்கப்பட்ட சேலம் ஸ்டீல் லிமிடெட், 1978இல் செயில் நிறுவனத்தோடு இணைக்கப்படும்வரை அதன் துணை நிறுவனமாக இருந்தது. அக்காலச் சட்டம், துணை நிறுவனத்தின் கணக்கைத் தாய் நிறுவன அறிக்கையோடு இணைத்து வைத்தால் போதும் என்றது. பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2001க்குப் பின்னரே ஒருங்கிணைந்த கணக்கு கட்டாயமானது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 129(3) பிரிவு, சில விலக்குகளோடு, துணை நிறுவனம் உள்ள தனியார் நிறுவனங்களையும் இதற்குள் கொண்டுவந்தது.

கணக்கின் மையம் ஒரு தேதி. பங்குகள் கைமாறிய நாள்வரை துணை நிறுவனம் சேர்த்த காப்புகள் முழுவதும் வாங்கியவர் கொடுத்த விலைக்குள் அடக்கம். அவற்றை அவர் சம்பாதிக்கவில்லை, விலை கொடுத்து வாங்கினார். ஆகவே அவருடைய பங்கு விகிதத்துக்கு உரியவை முதலின இலாபமாகக் கருதப்பட்டு, முதலீட்டுத் தொகைக்கு எதிராக நீக்கப்படுகின்றன. அதற்குப் பிந்தைய இலாபம் மட்டுமே குழுமத்தின் காப்புகளில் சேரும்.

நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிப் பண்ணை ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச் 31இல் அதன் பங்கு முதல் 2 கோடி ரூபாய், காப்புகள் 3 கோடி. அக்டோபர் 1 அன்று ஒரு தீவன நிறுவனம் அதன் 80 சதவீதப் பங்குகளை 5.50 கோடிக்கு வாங்குகிறது. 2023-24ஆம் ஆண்டுக்கான பண்ணையின் இலாபம் 1 கோடி.

அந்த ஒரு கோடியில் எவ்வளவு வாங்குவதற்கு முந்தையது? பாடநூல்கள் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் இலாபம் சீராக வந்ததாகக் கொண்டு மாதக் கணக்கில் பிரிக்கின்றன. இங்கே அது 50 இலட்சம். முட்டைத் தொழிலுக்கு இந்த அனுமானம் பொருந்தாது. புரட்டாசி விரதத்தில் விற்பனை படுக்கும், வட இந்தியக் குளிர்காலத்தில் விலை ஏறும். மாதக் கணக்குகளைப் பார்த்தால் முதல் அரையாண்டு இலாபம் 20 இலட்சம் மட்டுமே, மீதி 80 இலட்சம் பிற்பாதியில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வாங்கிய நாளில் நிகரச் சொத்து 5.20 கோடி. அதில் 80 சதவீதம் 4.16 கோடி. நற்பெயர் 1.34 கோடி. சீராகப் பிரித்திருந்தால் நற்பெயர் 1.10 கோடியாகவே இருந்திருக்கும். வேறுபடும் 24 இலட்சம் குழுமத்தின் காப்பிலும் தெரியும்: பிற்பாதி இலாபத்தில் குழுமத்தின் பங்கு 40 இலட்சமன்று, 64 இலட்சம். எனவே இடையாண்டில் வாங்கினால் அந்த நாளுக்கே தனியாக ஓர் இருப்புநிலைக் குறிப்பு தயாரிக்கச் சொல்வதே சரி. சராசரிப் பிரிப்பு, வேறு வழியில்லாதபோது மட்டும்.

சிறுபான்மைப் பங்குதாரர்களுக்கு இந்தத் தேதிப் பிரிவு இல்லை. ஆண்டு இறுதியில் உள்ள 6 கோடியில் 20 சதவீதமான 1.20 கோடி அவர்களுடையது.

அதிகம் தவறு நடக்கும் இடம் பங்காதாயம். நவம்பரில் பண்ணை தன் பழைய காப்பிலிருந்து 50 இலட்சம் பங்காதாயம் தருகிறது என்போம். தீவன நிறுவனத்துக்கு 40 இலட்சம் வரும். அதைத் தன் இலாபத்தில் எழுதினால், தான் கொடுத்த விலையில் ஒரு பகுதி திரும்பி வந்ததையே வருமானமாகக் காட்டியதாகும். கணக்கியல் தரநிலை 13இன்படி அது முதலீட்டிலிருந்து கழிக்கப்பட வேண்டும்: முதலீடு 5.10 கோடியாகும். முந்தைய காப்பும் 50 இலட்சம் குறைவதால் நிகரச் சொத்து 4.70 கோடி, அதில் 80 சதவீதம் 3.76 கோடி. நற்பெயர் மீண்டும் அதே 1.34 கோடி. முந்தைய காப்பிலிருந்து போனஸ் பங்கு வழங்கினாலும் நற்பெயர் அசையாது. காப்பு, பங்கு முதலாகப் பெயர் மாறுகிறது, அவ்வளவே.

பண்ணைக்கு முந்தைய காப்புக்குப் பதிலாகத் திரண்ட நட்டம் இருந்திருந்தால் நிகரச் சொத்து குறைந்து நற்பெயர் கூடும். அந்த நட்டமும் குழுமத்தின் நட்டமாகாது.

இண்ட் ஏஎஸ் முறையில் ஏட்டு மதிப்புக்குப் பதில் சொத்துகளின் நியாய மதிப்பு எடுக்கப்படுகிறது. பண்ணையின் நிலம் ஏட்டில் உள்ளதைவிட 60 இலட்சம் கூடுதல் பெறும் என்றால், வரித்தாக்கத்தை விட்டுவிட்டுப் பார்க்கையில், நிகரச் சொத்து 5.80 கோடியாகி நற்பெயர் 86 இலட்சமாகச் சுருங்கும். நற்பெயராகத் தோன்றியதில் ஒரு பகுதி நிலமாகவே இருந்திருக்கிறது.

அடுத்தடுத்த ஆண்டுகளின் கணக்கைச் சரிபார்க்க எளிய வழி ஒன்றுண்டு. இரு தரநிலைகளிலும் இந்த நற்பெயரை ஆண்டுதோறும் தேய்த்து எழுதக் கட்டாயம் இல்லை. மதிப்பிழப்பு எழுதப்படாமலும் பங்கு விகிதம் மாறாமலும் இருக்கையில் நற்பெயர்த் தொகை மட்டும் மாறியிருந்தால், யாரோ வாங்கிய நாளின் காப்புக்குப் பதில் அந்த ஆண்டு இறுதிக் காப்பை எடுத்துக் கழித்திருக்கிறார்கள்.