பவர் பத்திரத்துக்கு எல்லை பிறந்த கதை

மரவியாபாரம் கனடாவின் கியூபெக்கில், கம்பெனி லண்டனில். பிரையன்ட், பாவிஸ் அண்ட் பிரையன்ட் என்ற அந்தக் கம்பெனி, கியூபெக் ஏஜென்ட்டுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தது. அவர் கையெழுத்தை நம்பிப் பணம் கொடுத்த இரண்டு வங்கிகள் கம்பெனி மேல் பாய்ந்தன. 1893இல் பிரிவி கவுன்சில் அந்தப் பவரை வரிவரியாகப் படித்தது. கடன் வாங்கும் அதிகாரம் அதில் இல்லை. எனவே ஒரு வங்கிக்குக் கம்பெனி கொடுக்க வேண்டியதில்லை. பில்லில் புறக்கையெழுத்துப் போடும் அதிகாரமோ இருந்தது. அதனால் இன்னொரு வங்கிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஏஜென்ட் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பது, நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்தவரைப் பாதிக்காது.

இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் பவர் சட்டம் மிகச் சின்னது. எதை எழுத வேண்டும் என்று அது சொல்வதில்லை. எல்லையை உண்டாக்கியது நீதிமன்றங்களின் கறாரான வாசிப்புதான். சென்னை நில வழக்கொன்றில், 2012இல், விற்கும் அதிகாரம் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

துபாயில் இருக்கும் ஒருவர் திருச்சி மனையை விற்க அண்ணன் மகனுக்குப் பவர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். எழுத்தர் கையில் தயாராக இருக்கும் வாசகம்: "மேற்படி சொத்தை விற்கவும், அடமானம் வைக்கவும், கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும், மற்றெல்லாக் காரியங்களையும் செய்யவும்." இதில் 'தொகையைப் பெற' என்பதுதான் ஆபத்து. அண்ணன் மகன் பணத்தைப் பெற்றுத் தன் கணக்கில் போட்டாலும், மனையை வாங்கியவரைப் பொறுத்தவரை விலை கொடுத்தாகிவிட்டது. உரிமையாளர் அண்ணன் மகனைத்தான் துரத்த வேண்டும். 'தொகையைப் பெற' என்பதை அடித்துவிட்டு, முன்பணம் உட்பட முழுத்தொகையும் உரிமையாளரின் குறிப்பிட்ட என்.ஆர்.ஓ. கணக்கில் நேரடியாக வந்தால்தான் கிரயம் எழுதலாம் என்று எழுத வேண்டும். அடமானம் என்ற சொல்லும் வேண்டாம். சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து மனையும் பவருக்குள் வந்துவிடும்.

குறைந்தபட்ச விலையை எழுதச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மனை வாங்குகிறவரும் பத்திரத்தைப் படிப்பார். அந்தத் தொகைக்கு மேல் அவர் ஏன் ஏறுவார்? அதற்குப் பதில், உரிமையாளர் கையொப்பமிட்ட விலை ஒப்புதல் கடிதம் இருந்தால்தான் கிரயம் செல்லும் என்று எழுதலாம். வாங்குபவரின் வக்கீலே அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுவார்.

பத்திரத்தை இந்தியத் தூதரக அதிகாரி அல்லது நோட்டரி முன் கையெழுத்திட்டு, சான்று பெற்று அனுப்ப வேண்டும். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

ரத்து செய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏஜென்ட்டைப் பொறுத்தவரை ரத்து என்பது அவருக்குத் தெரிந்த பிறகுதான் பலிக்கும். மூன்றாம் நபருக்கோ அது தனக்குத் தெரிந்த பிறகுதான். துபாயில் ரத்துப் பத்திரம் எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்தால், திருச்சியில் விற்பனை நடந்துகொண்டேதான் இருக்கும். அதனால் பவரிலேயே ஒரு முடிவுத் தேதியையும் எழுதிவிடுவது நல்லது. வாங்குகிறவர் அந்தத் தேதியைப் படிக்காமல் இருக்க முடியாது.