மேகம் அளந்த குழாய்: மெக்ஃபார்லாண்ட் அளவும் காரைக்கால் காலராவும்

2022 ஜூலை தொடக்கத்தில் காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது, சிலருக்குக் காலரா உறுதியானது, பள்ளி கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னது, குடிநீர்க் குழாய், சாக்கடை பற்றிய விவாதம் எல்லாம் செய்தித்தாள்களில் வந்தது. நான் இங்கே எழுதப்போவது செய்தியில் வராத ஒரு சின்னப் பொருளைப் பற்றி. இப்படி ஒரு நேரத்தில் எந்த ஆய்வகத்திலும் மேசை மேல் நிற்கும் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே கொஞ்சம் கலங்கலான தண்ணீர் மாதிரி ஏதோ இருக்கும். மேலே 0.5 என்று எழுதியிருக்கும்.

காலராவுக்கு முதல் மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனா கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு டாக்ஸிசைக்ளின் மாதிரி ஒரு மருந்து கொடுத்தால் பேதி சீக்கிரம் நிற்கும், கிருமி வெளியேறும் நாட்களும் குறையும். அந்த மருந்து இந்த ஊர்க் கிருமியிடம் வேலை செய்யுமா? அதைச் சொல்வதுதான் மருந்து உணர்திறன் சோதனை. அகர் தட்டில் கிருமியைப் பூசி, மருந்து ஊறிய 6 மில்லிமீட்டர் வட்டுகளை வைத்து, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் காலையில் வட்டைச் சுற்றி கிருமி வளராத வளையத்தை ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். வளையம் பெரிசா இருந்தால் மருந்து கேட்கும், சின்னதா இருந்தால் கேட்காது.

கேட்க எளிமையா இருக்கு. ஆனா பூசிய கிருமியின் அளவு மாறினால் வளையமும் மாறிவிடும். அந்த அளவைக் கட்டுப்படுத்தத்தான் 0.5 குழாய். இதன் வரலாறு கொஞ்சம் விசித்திரமானது. இந்தக் குழாயைக் கண்டுபிடித்தபோது ஆன்டிபயாட்டிக் என்ற பொருளே மருத்துவரின் கையில் இல்லை.

செத்த கிருமிக்குச் செய்த அளவுகோல்

1900களின் தொடக்கம். லண்டனில் ஆல்ம்ராத் ரைட் தடுப்பூசி ஆராய்ச்சியில் மும்முரமாக இருந்தார். இந்தியாவுக்கும் புதியவர் இல்லை, 1898இல் அமைக்கப்பட்ட பிளேக் கமிஷனில் உறுப்பினராக இருந்தவர். டைபாய்டு கிருமியைக் கொன்று ஊசியாகப் போடுவது அவருடைய முக்கிய வேலை. ஒரு ஊசியில் எத்தனை கிருமி போகிறது என்பது தெரியவேண்டும். கூடினால் காய்ச்சலும் வீக்கமும், குறைந்தால் பலன் இல்லை.

எண்ணுவதற்கு ரைட் கண்டுபிடித்த வழி ரொம்ப சாமர்த்தியமானது. மனித ரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் உண்டு என்பது தெரிந்த விஷயம். கிருமிக் கரைசலையும் ரத்தத்தையும் சம அளவு கலந்து கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் எண்ணுவது. ஒரு சிவப்பணுவுக்கு இரண்டு கிருமி தெரிந்தால், கரைசலில் கன மில்லிமீட்டருக்கு ஒரு கோடி கிருமி. கணக்கு சரி, ஆனா ஒவ்வொரு தடவையும் கண் நோக எண்ணவேண்டும்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நோயியல் பேராசிரியராக இருந்த ஜோசஃப் மெக்ஃபார்லாண்ட் 1907இல் இதற்கு ஒரு குறுக்குவழி எழுதினார். கிருமி அதிகமானால் கரைசல் கலங்கும். அப்படியென்றால் எண்ணவேண்டாம், கலங்கலை ஒப்பிட்டால் போதும். ஒப்பிட, மாறாத ஒரு கலங்கல் வேண்டும். பேரியம் குளோரைடையும் கந்தக அமிலத்தையும் கலந்தால் பேரியம் சல்ஃபேட் வெள்ளையாக, நுண்ணிய துகளாகப் பிரியும். தண்ணீரில் கரையாது, கிருமி மாதிரி வளரவும் அழுகவும் செய்யாது.

பத்து குழாய்கள் செய்தார். முதல் குழாயில் 1 சதவீத பேரியம் குளோரைடு 0.1 மில்லி, 1 சதவீத கந்தக அமிலம் 9.9 மில்லி. இரண்டாவதில் 0.2, 9.8. இப்படியே பத்தாவது வரை. முதல் குழாயின் கலங்கல் மில்லிக்குச் சுமார் 30 கோடி கிருமிக்குச் சமம், அடுத்தடுத்தது அதன் மடங்குகள். இந்தத் தொகுப்புக்கு அவர் வைத்த பேர் நெஃபலோமீட்டர். கிரேக்கத்தில் நெஃபலே என்றால் மேகம். தமிழில் மேகமானி என்று சொல்லலாம்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிக்குக் கிருமி செத்திருந்தாலும் உயிரோடு இருந்தாலும் எண்ணிக்கை ஒன்றுதான். மேகமானிக்கும் அந்த வித்தியாசம் தெரியாது, அப்போது தெரியவேண்டிய அவசியமும் இல்லை. பின்னால் இது முக்கியமாகப் போகிறது.

சியாட்டிலில் வந்த 0.5

1940கள், 50களில் ஆன்டிபயாட்டிக்குகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு ஆய்வகமும் தன் இஷ்டத்துக்கு வட்டு, அகர், கிருமி அளவு என்று வைத்துக்கொண்டது. ஒரு ஊரில் கேட்கும் என்று சொன்ன மருந்தைப் பக்கத்து ஊரில் கேட்காது என்றார்கள்.

சியாட்டிலில் இருந்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் நால்வரும் சேர்ந்து 1966இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைக்கும் எல்லா மருத்துவக் கல்லூரியிலும் கிர்பி பாவர் முறை என்று படிப்பது அதுதான். அதில் கிருமி அளவைக் கட்டிப்போட அவர்கள் எடுத்தது பழைய பேரியம் குழாயை. மெக்ஃபார்லாண்டின் ஒன்றாம் எண்ணில் பாதி, அதாவது 0.5. செய்முறை இது: நீரேறிய பேரியம் குளோரைடு 1.175 சதவீதக் கரைசலில் 0.5 மில்லி, 1 சதவீத கந்தக அமிலத்தில் 99.5 மில்லி. மில்லிக்குச் சுமார் 15 கோடி கிருமிக்குச் சமமான கலங்கல்.

ஏன் இவ்வளவு கறார்?

தட்டில் நடப்பது ஒரு ஓட்டப்பந்தயம். வட்டிலிருந்து மருந்து அகருக்குள் பரவிக்கொண்டே போகிறது. அதே நேரம் கிருமி பெருகிக்கொண்டே வருகிறது. கிருமிக் கூட்டம் ஒரு குறிப்பிட்ட நெருக்கத்தை எட்டிவிட்டால் அதற்கப்புறம் அங்கே மருந்து வந்தும் பிரயோஜனம் இல்லை. அந்த நிமிஷத்தில் மருந்து போதுமான செறிவோடு எதுவரைக்கும் போயிருக்கிறதோ அதுதான் வளையத்தின் விளிம்பு. நாம் காலையில் அளப்பது ராத்திரி முதல் சில மணி நேரத்திலேயே முடிவான கோடு. இதை 1950களில் கூப்பர் போன்றவர்கள் கணக்காகவே காட்டினார்கள். விளிம்பு வரையான தூரத்தின் வர்க்கம் அந்த நேரத்துக்கு நேர்விகிதம்.

இப்போ நம்ம கணக்கு. பூசிய கரைசல் பத்து மடங்கு அடர்த்தியாகிவிட்டது என்று வைப்போம். கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்றால்:

```
log2(10) = 3.32
3.32 x 20 = 66 நிமிடம்
```

அதாவது கிருமிக் கூட்டம் 66 நிமிடம் முன்னதாகவே பந்தயத்தை முடித்துவிடும். சரியான கரைசலில் முடிவாகும் நேரம் 4 மணி என்றால் இப்போது 2.9 மணி. 2.9ஐ 4ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.85. தூரம் 15 சதவீதம் குறைகிறது.

டெட்ராசைக்ளின் வட்டை எடுத்துக்கொள்வோம். நடைமுறையில் உள்ள அமெரிக்க அட்டவணைப்படி காலராக் கிருமிக்கு 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் மருந்து கேட்கும், 12 முதல் 14 வரை இடைநிலை, 11ம் அதற்குக் கீழும் எதிர்ப்பு. உண்மையில் 16 மில்லிமீட்டர் வளையம் தரும் ஒரு கிருமி. 6 மில்லிமீட்டர் வட்டைக் கழித்தால் ஒரு பக்கம் 5 மில்லிமீட்டர் தூரம். அடர்த்தியாகப் பூசினால் அது 4.25 ஆகும், வளையம் 14.5. நல்ல மருந்தை அறிக்கை சந்தேகப் பட்டியலில் தள்ளிவிடும்.

எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். பத்தில் ஒரு பங்காக நீர்த்துப் பூசினால் நேரம் 4லிருந்து 5.1 மணி ஆகும், தூரம் 13 சதவீதம் கூடும். உண்மையில் 14 தரும் இடைநிலைக் கிருமி 15ஐத் தொட்டு, கேட்கும் மருந்து என்று அறிக்கை வந்துவிடும். எண்கள் என் உதாரணம்தான், வேகம் கிருமிக்குக் கிருமி மாறும். ஆனா திசை மாறாது: அடர்ந்தால் பொய்யான எதிர்ப்பு, நீர்த்தால் பொய்யான நம்பிக்கை. ஒரு கொள்ளைநோய் நடுவில் இந்த இரண்டு மில்லிமீட்டரை வைத்துத்தான் ஊர் முழுக்க எந்த மாத்திரை என்று முடிவெடுப்பார்கள்.

மேசையில் எப்படிச் செய்கிறார்கள்

முந்தின நாள் வளர்த்த தட்டிலிருந்து நாலைந்து கிருமித் திட்டுகளைத் தொட்டு உப்புத் தண்ணீரில் கரைக்கிறார்கள். 0.5 குழாயை நன்றாகக் குலுக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து, பின்னால் கறுப்புக் கோடு போட்ட வெள்ளை அட்டையைப் பிடிக்கிறார்கள். இரண்டு குழாய் வழியாகவும் கோடு ஒரே அளவு மங்கலாகத் தெரியவேண்டும். கலங்கல் கூடினால் உப்புத் தண்ணீர், குறைந்தால் இன்னும் கொஞ்சம் கிருமி. இரண்டு குழாயும் ஒரே பருமனில் இல்லாவிட்டால் ஒப்பீடே தப்பு. கலந்த பின் 15 நிமிடத்துக்குள் பூசிவிடவேண்டும். காரைக்கால் வெயிலில் மேசையில் கிடக்கும் கரைசலில் எண்ணிக்கை அப்படியே நிற்கும் என்று நம்பி இருக்க முடியாது.

இப்போதுதான் 1907இன் அந்தப் பழைய விஷயம் திரும்பி வருகிறது. மேகமானிக்குச் செத்ததும் உயிருள்ளதும் ஒன்று. ஆனா ஓட்டப்பந்தயத்தில் ஓடுவது உயிருள்ளது மட்டும்தான். நாலு நாள் பழைய தட்டிலிருந்து எடுத்தால் பாதி செத்திருக்கும், குழாய் 0.5 என்று காட்டும், பந்தயத்தில் ஆள் குறைவு. வளையம் பெரிதாகும். அதனால்தான் 18 முதல் 24 மணி நேரத் தட்டு வேண்டும் என்று பிடிவாதம். அதேபோல மேகமானி உருவ அளவுக்கும் ஏமாறும். ஈஸ்ட் அணு பெரியது, அதே 0.5 கலங்கலில் மில்லிக்கு 10 முதல் 50 லட்சம்தான் இருக்கும்.

குழாயும் கிழடாகும். பேரியம் துகள்கள் நாளாக நாளாக ஒட்டிக் கட்டியாகி, கலங்கல் குறையும். கலங்கல் குறைந்த குழாயோடு ஒப்பிட்டால் எல்லாக் கரைசலும் நீர்த்துத்தான் போகும். அதனால் இருட்டில் வைத்து, மாதம் ஒருமுறை 625 நானோமீட்டர் ஒளியில் சோதிக்கிறார்கள். ஒளி உறிஞ்சல் 0.08 முதல் 0.13க்குள் இருக்கவேண்டும்.

தப்பு நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? தட்டைப் பார்த்தாலே பாதி தெரியும். கிருமி ஒரே விரிப்பாக இல்லாமல் தனித்தனித் திட்டாக நின்றால் கரைசல் நீர்த்துவிட்டது, சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும். அடர்த்தி கூடியதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். அதற்குத்தான் வளையம் முன்கூட்டியே தெரிந்த ஒரு ஈ.கோலை வகையைக் கூடவே சோதிக்கிறார்கள். டெட்ராசைக்ளினுக்கு அது 18 முதல் 25 மில்லிமீட்டர் தரவேண்டும். ஒரே ஒரு மருந்தின் வளையம் மட்டும் சுருங்கினால் அந்த வட்டைச் சந்தேகப்படலாம். எல்லா மருந்தின் வளையமும் சேர்ந்து சுருங்கினால் கை வைக்கவேண்டிய இடம் இரண்டு: கிருமியின் அடர்த்தி, இல்லை அகரின் கனம். அகர் 4 மில்லிமீட்டர்தானா என்று பார்த்துவிட்டு, கரைசலை லட்சம் மடங்கு நீர்த்து 0.1 மில்லியைத் தட்டில் பரப்பினால் மறுநாள் சுமார் 150 திட்டுகள் வரவேண்டும். 600 வந்தால் விடை கிடைத்துவிட்டது.

இந்தக் கடைசிச் சோதனையில் மட்டும் எண்ணப்படுவது உயிருள்ள கிருமி. மேகமானியால் சொல்ல முடியாத அந்த ஒரு விஷயத்துக்காக, மெக்ஃபார்லாண்ட் தவிர்க்க நினைத்த அதே வேலைக்கு, உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுவதற்கு, ஆய்வகம் இன்னும் அவ்வப்போது திரும்பிப் போகத்தான் வேண்டியிருக்கிறது.