12 பைட்டில் ஒரு விசை: க்யூஎமு செய்தி பிறந்த கதை

```
warning: no scancode found for keysym 16780196
```

லினக்ஸ் கணினிக்குள் இன்னொரு லினக்ஸை க்யூஎமு மூலம் ஓட்டுபவர்களுக்கு `/var/log/libvirt/qemu/` அடைவில் இப்படி ஒரு வரி கண்ணில் படலாம். அந்த எண்ணைப் பதினாறடிமானத்துக்கு மாற்றினால் 1000BA4 வரும். அதிலிருந்து 1000000-ஐக் கழித்தால் மிச்சம் BA4. யூனிகோடில் ‘த’ உட்கார்ந்திருக்கும் இடம் அது. யாரோ தமிழில் ஒரு சொல்லைத் தொடங்கியிருக்கிறார், கெஸ்ட் திரையில் ஒன்றும் விழவில்லை.

அடித்தவர் மேல் பிழை இல்லை. ஹோஸ்டில் தமிழ் விசைப்பலகையைப் போட்டுவிட்டு, கெஸ்டின் ஜன்னலைச் சொடுக்கி, வழக்கம்போல் அடித்தார், அவ்வளவுதான். தடை நடுவில் இருக்கிறது. அது ஏன் வந்தது, எப்படி விலகியது என்று பார்க்க 1998-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆராய்ச்சிக் கூடம் விஎன்சியை வெளியிட்டது. ஒரு கணினியின் திரையை இன்னொரு கணினியில் காட்டி, அங்கே தட்டும் விசைகளை இங்கே கொண்டுவரும் நெறிமுறை அது. விசைக்கு அவர்கள் வைத்த செய்தி 8 பைட். அதில் 4 பைட் ‘கீசிம்’, அதாவது எக்ஸ் ஜன்னல் அமைப்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள எண். ‘எந்த விசை’ என்று அனுப்பாமல் ‘எந்த எழுத்து’ என்று அனுப்பினார்கள். அன்றைய நிலையில் அது சரியான முடிவுதான். பார்க்கும் கணினி ஒரு மேக்காக இருக்கலாம், விண்டோஸாக இருக்கலாம், ஒவ்வொன்றிலும் விசைக்கு வேறு வேறு எண். எழுத்து என்றால் எல்லோருக்கும் பொது. மறுமுனையில் இருந்ததும் ஒரு ஜன்னல் அமைப்பு என்பதால் எழுத்தை அப்படியே வாங்கிக்கொண்டது.

2006-ல் ஆந்தனி லிகோரி க்யூஎமுவுக்குள் ஒரு விஎன்சி சேவையகத்தை எழுதிச் சேர்த்தபோது மறுமுனையே மாறிவிட்டது. க்யூஎமு நடிப்பது ஒரு முழு கணினியாக. அதில் இருக்கும் விசைப்பலகை வன்பொருளின் நகல். வன்பொருளுக்கு எழுத்து தெரியாது. இந்த வரிசையில் இத்தனையாவது விசை அழுந்தியது, விட்டது என்று மட்டுமே அது சொல்லும். அப்படிச் சொல்லும் எண்தான் ஸ்கேன்கோடு. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் எண்களே இன்றும் புழக்கத்தில் உள்ளன. L விசைக்கு 26, K விசைக்கு 25, இரண்டும் பதினாறடிமானம்.

ஆக க்யூஎமு வந்து சேர்ந்த எழுத்தை வைத்து, ‘இந்த எழுத்தை அடிக்க எந்த விசையைத் தட்டியிருப்பார்?’ என்று பின்னோக்கி ஊகிக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் `-k` என்ற தேர்வும், மொழிக்கு ஒன்றாகச் சில வரைபடக் கோப்புகளும். `-k en-us` என்றால் அமெரிக்கப் பலகையை வைத்து ஊகி, `-k de` என்றால் ஜெர்மானியப் பலகையை வைத்து ஊகி. ஹோஸ்டின் பலகை, `-k` சொல்லும் பலகை, கெஸ்டின் பலகை மூன்றும் பொருந்தினால்தான் அடித்தது விழும். ஒன்று பிசகினாலும் y, z இடம் மாறும், கடவுச்சொல் மறுக்கப்படும். தமிழுக்கோ ஊகிக்கவே வழியில்லை. `en-us` வரைபடத்தில் ‘த’ என்ற எழுத்தே கிடையாது. மேலே கண்ட எச்சரிக்கையின் பிறப்பிடம் இதுதான்.

ஊகிப்பதை நிறுத்திவிட்டு விசையின் எண்ணையே அனுப்பினால் என்ன? 2008-ல் லிகோரியே அந்தத் திருத்தத்தை எழுதினார். விஎன்சியின் அதிகாரபூர்வ நெறிமுறையைத் தொடாமல், பக்கத்தில் ஒரு நீட்டிப்பாகச் சேர்த்தார். ‘எனக்கு இது தெரியும்’ என்று பார்வைச் செயலி –258 என்ற எண்ணைச் சொல்ல வேண்டும், சேவையகம் ‘எனக்கும் தெரியும்’ என்று தலையாட்டினால் அதன்பின் 12 பைட்டுச் செய்திகள் ஓடும். அவற்றில் பழைய கீசிம் 4 பைட், அதன் பக்கத்தில் புதிதாக ஸ்கேன்கோடு 4 பைட். எழுத்தைத் தூக்கியெறியாமல் கூடவே வைத்திருந்தது நல்ல புத்தி. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

தொடக்கத்தில் ஜிடிகே-விஎன்சி நூலகத்தை வைத்துக் கட்டிய செயலிகளில் மட்டுமே இது இருந்தது. விர்ட்-மேனேஜர் அவற்றில் ஒன்று. அங்கேயும் வேலை சுலபமாக இல்லை. ஹோஸ்ட் லினக்ஸாக இருந்தால் விசைக்கு ஒரு எண், மேக்காக இருந்தால் வேறொன்று, விண்டோஸில் இன்னொன்று. எல்லாவற்றையும் பழைய பிசி எண்ணுக்கு மாற்றும் அட்டவணையை டேனியல் பெராஞ்சே தொகுத்தார். அதுவே பின்னர் ‘கீகோட்மேப்டிபி’ என்ற தனித் திட்டமாகி, க்யூஎமுவும் ஸ்பைஸும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. டைகர்விஎன்சி 2018-ல்தான் இந்த வழிக்கு வந்தது. பழைய பார்வைச் செயலியைப் பயன்படுத்துபவர்களுக்கு 16780196 இன்றும் வருவதற்கு ஒரு காரணம் அது.

இன்னொரு காரணம் இன்னும் வேடிக்கையானது. க்யூஎமுவின் நிரலில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பயனர் `-k` கொடுத்திருந்தால் ஸ்கேன்கோடு வந்தாலும் அதைப் பார்க்காதே, எழுத்தை வைத்தே ஊகி. விசைப்பலகை சரியில்லை என்றதும் பலர் முதலில் செய்வது கெஸ்டின் அமைப்பில் `keymap='en-us'` என்று எழுதிச் சேர்ப்பது. அந்த வரி நோயைக் குணப்படுத்துவதற்குப் பதில் மருந்தை நிறுத்திவிடுகிறது. `virsh edit` கொடுத்து, `<graphics type='vnc'>` வரியில் `keymap` இருந்தால் அழித்துவிட்டு, கெஸ்டை முழுதாக அணைத்துத் திரும்ப எழுப்ப வேண்டும். உள்ளிருந்து ரீபூட் செய்தால் க்யூஎமு பழைய கட்டளையோடேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது ஹோஸ்டில் எந்த மொழி இருந்தாலும் கெஸ்டுக்குப் போவது விசையின் இடம் மட்டும். அதனால் தமிழாக்கும் வேலை முழுக்கக் கெஸ்டுக்குள் நடக்க வேண்டும். டெபியன் கெஸ்டில்:

```
sudo apt install ibus-m17n fonts-lohit-taml
```

லினக்ஸின் சாதாரண விசைப்பலகை அமைப்பான எக்ஸ்கேபியிலும் தமிழ் உண்டு. ஆனால் அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே அறியும், முன்னால் என்ன அடித்தீர்கள் என்று நினைவில் வைக்காது. தமிழ்99 அந்த நினைவின் மேல் எழும்பிய பலகை. 1999-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த அந்த அமைப்பில் a k k q என்று தட்டினால் ‘அம்மா’ வர வேண்டும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி, மெய்யை அடுத்து ஆ வந்தால் துணைக்கால். இதைச் செய்வது `m17n`. ஜப்பானில் பல மொழிகளுக்குமாக எழுதப்பட்ட நூலகம், அதை ஐபஸ் மூலம் கூப்பிடுகிறோம். வெளியேறி மறுபடி உள்நுழைந்து, விசைப்பலகை அமைப்புகளில் தமிழ்99-ஐச் சேர்த்தால் போதும்.

‘தமிழ்’ என்று அடித்துப் பார்ப்போம். l, k, s, சாய்கோடு, f. கெஸ்டுக்குள் போகும் ஸ்கேன்கோடுகள் 26, 25, 1F, 35, 21. எக்ஸ்கேபி அவற்றை அமெரிக்கப் பலகைப்படி எழுத்தாக்குகிறது, `m17n` அந்த எழுத்துகளைத் தமிழாக்குகிறது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பொருத்தமின்மை ஒளிந்திருக்கும் அடுத்த இடம் இதுதான். கெஸ்டின் பலகை ஜெர்மானியமாக இருந்தால் சாய்கோட்டு விசை ‘-’ ஆகிவிடும், `m17n`-க்கு ‘ழ’ கிடைக்காது. ‘ந’வும் ‘ச’வும் ‘ய’வும் அப்படியே போகும். அவையெல்லாம் தமிழ்99-ல் நிறுத்தக்குறி விசைகளில் இருக்கின்றன. ‘கல்’ வருகிறது, ‘பழம்’ வரவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது இதையே. பெர்லினில் வாங்கிய மடிக்கணினியாக இருந்தாலும் தமிழ் அடிக்கும்போது கெஸ்டின் அடிப்படைப் பலகை அமெரிக்கமாக இருப்பது நல்லது:

```
sudo dpkg-reconfigure keyboard-configuration
```

எங்கே பிசகு என்று பிரித்தறிய, கெஸ்டில் `xev` ஓட்டிச் சாய்கோட்டு விசையைத் தட்டுவேன். ‘ழ’ இருக்கும் விசை என்பதால் அதையே தேர்ந்தெடுக்கிறேன். `keycode 61`, `slash` என்று வந்தால் வழியெல்லாம் சரி, ஐபஸில் தேட வேண்டும். 61 வந்து பக்கத்தில் `minus` என்றிருந்தால் கெஸ்டின் பலகைதான் ஜெர்மானியம். 20 வந்தால் எழுத்தை வைத்து ஊகிக்கும் பழைய வழி இன்னும் ஓடுகிறது: ஜெர்மானிய ஹோஸ்ட் ‘-’ அனுப்ப, `en-us` வரைபடம் அதை மேல்வரிசைக் கழித்தல் விசை என்று எடுத்துக்கொண்டது. ஒன்றுமே வராவிட்டால் ஹோஸ்ட் தமிழ் எழுத்தாகவே அனுப்புகிறது, பதிவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். மொழி மாற்றும் விசைக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே கூட்டு வேண்டாம். நோம் மேசையில் சூப்பரும் இடைவெளியும் சேர்ந்தால் ஹோஸ்ட் முந்திக்கொண்டு தன் மொழியை மாற்றிவிடக்கூடும், கெஸ்ட் ஆங்கிலத்திலேயே நிற்கும்.

எழுத்துரு பற்றிச் சொல்ல அதிகமில்லை. திரையில் கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள், உள்ளீடு சரியாகவே நடந்திருக்கிறது. `fc-list :lang=ta` எதையும் காட்டாவிட்டால் அதுவே உறுதி. சேவையகத்துக்கென்று நிறுவிய சின்ன கெஸ்ட்களில் இது வழக்கம். புள்ளி வட்டத்தின் மேல் தனியாகத் துணையெழுத்து தொங்கினால் எழுத்துரு இருக்கிறது, மெய்க்கு முன்னால் உயிர்க்குறி போய்விட்டது. வரைகலை இல்லாத கறுப்புத் திரை முனையத்தில் மட்டும் முயல வேண்டாம். அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள், ‘கொ’வின் கொம்பை முன்னால் கொண்டுபோய் வைக்கும் திறனும் அதற்கு இல்லை. ஹோஸ்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் மூலம் நுழைந்தால் ஹோஸ்டின் முனையமே வரைந்துகொடுக்கும்.

12 பைட்டில் கீசிம் ஏன் மிஞ்சியது என்று சொல்வதாக இருந்தேன். கைப்பேசியிலிருந்து விஎன்சி பார்க்கும்போது தொடுதிரையில் விசை என்று ஒன்று கிடையாது, எழுத்துதான் பிறக்கிறது. அனுப்ப ஸ்கேன்கோடு இல்லை, ஆங்கிலத்துக்குப் பழைய ஊகமே வழி. தமிழுக்கு அதுவும் இல்லாததால் நகலெடுத்து ஒட்டலாமா என்று தோன்றும். 1998-ன் நெறிமுறையில் ஒட்டுவதற்கான செய்தி லத்தீன்-1 எழுத்துகளை மட்டுமே ஏற்கும். அதற்கும் பின்னாளில் யுடிஎஃப்-8 நீட்டிப்பு ஒன்று வந்தது, இரு முனையும் அதை அறிந்திருந்தால்தான் ‘த’ ‘த’வாகவே போய்ச் சேரும்.