சிவப்பழகும் சம்பள வேலையும்: ஒரு க்ரீமின் கதை



போன வாரம் நம் குடும்பக் குழுவில் யாரோ பழைய டிவி விளம்பரம் ஒன்றைப் பகிர்ந்திருந்தீர்கள். பெரியவர்கள் எல்லாரும் சிரித்தீர்கள். கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர், "இதை எப்படி வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தீர்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். சற்று நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு நிறத்தின் மேல் ஆசையை இந்த விளம்பரங்கள் உண்டாக்கவில்லை. அது முன்பே இருந்தது. பெண் பார்க்கப் போய் வந்தவர்களிடம் "பொண்ணு என்ன கலர்?" என்று கேட்பதும், "மாநிறந்தான், ஆனா களையான முகம்" என்று அவர்கள் சமாதானம் சொல்வதும் நம் வீடுகளில் கேட்டுப் பழகியதுதான். அந்த "ஆனா" என்ற சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் தமிழில் எல்லாக் காலமும் இப்படி இருக்கவில்லை. சங்க அகப்பாடல்களில் தலைவியின் அழகான மேனி நிறத்துக்கு மாமை என்று பெயர், மாந்தளிரின் நிறம். தலைவனைப் பிரிந்த துயரத்தில் அவள் வெளிறிப்போவதைப் பசலை என்றார்கள். வெளிறுவது அங்கே அழகு போவதற்கு அடையாளம்.

என் தலைமுறையில் முகத்துக்கென்று வீட்டில் இருந்தது குட்டிகுரா பவுடரும், கொஞ்சம் வசதி இருந்தால் ஸ்னோவும்தான். இ.எஸ். பாட்டன்வாலா என்பவர் பம்பாயில் 1919-இல் தொடங்கிய ஆப்கன் ஸ்னோ நாடு முழுக்கப் பேர் பெற்றது. பவுடரோ ஸ்னோவோ, மாலையில் முகம் கழுவினால் போய்விடும். அது ஒப்பனை என்று போட்டுக்கொண்டவளுக்கும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும்.

1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி சொன்னது வேறு. மேலே பூசி மறைப்பதல்ல, உன் நிறத்தையே மாற்றுகிறேன் என்றது. ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1971-இல் காப்புரிமை பெற்ற ஒரு பொருள்தான் அதன் அடிப்படை. அதன் பெயர் நியாசினமைடு. பயப்பட வேண்டாம், பி3 வைட்டமினின் ஒரு வடிவம்தான் அது.

அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் விளம்பரத்தின் கணக்கு புரியும். நம் தோலின் அடியில் இருக்கும் சில செல்கள் மெலனின் என்ற நிறமியைத் தயாரித்து, சின்னச் சின்னப் பொட்டலங்களாக மேலே இருக்கும் செல்களுக்குக் கொடுக்கின்றன. அந்தப் பொட்டலம் கைமாறுவதை நியாசினமைடு கொஞ்சம் குறைக்கிறது. மேல்தோல் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாவதால், சில வாரங்களில் சிறிய மாற்றம் தெரியலாம். க்ரீமில் வெயிலைத் தடுக்கும் பொருளும் இருக்கும். பூசுவதை நிறுத்தினால் பொட்டலங்கள் பழையபடி போய்ச் சேரும், நிறமும் பழையபடி ஆகிவிடும். உங்கள் மேல்கையின் உட்புறத்தைப் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தின் நிறந்தான் உங்கள் சொந்த நிறம். இந்த மாதிரி க்ரீம் உங்களை அதிகபட்சம் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தும். விளம்பரத்தில் வரும் பெண்ணோ அதையும் தாண்டி எங்கோ போய்விடுவாள்.

அந்தத் தாண்டலை எப்படிக் காட்டினார்கள்? முதல் படத்தில் மங்கலான வெளிச்சம், எண்ணெய் வழியும் வாரின தலை, குனிந்த பார்வை. கடைசிப் படத்தில் பளீரென்ற விளக்கு, புது உடை, விரித்த கூந்தல், சிரிப்பு. ஐந்தாறு மாற்றங்களைச் செய்துவிட்டு, எல்லாவற்றுக்கும் காரணம் ட்யூப் ஒன்றுதான் என்றார்கள். நடுவில் ஒரே முகம் வரிசையாக வெளுத்துக்கொண்டே போகும் பட்டை ஒன்றையும் காட்டுவார்கள். தமிழில் எழுதியவர்கள் வெள்ளை என்று சொல்லாமல் "சிவப்பழகு" என்றார்கள். நம் வீட்டுப் பேச்சில் இருந்த சொல்லையே எடுத்துக்கொண்டதால் அது வெளியார் குரலாகக் கேட்கவில்லை, அத்தை பேசுவது போல இருந்தது.

முதல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தக் கதைகள் பெரும்பாலும் கல்யாணத்தில் முடியும். பிறகு ஒரு திருப்பம் வந்தது. பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள், விளம்பரமும் மாப்பிள்ளையை விட்டு வேலையைப் பிடித்துக்கொண்டது. என் பார்வையில் இந்த வரலாற்றில் மிக முக்கியமான இடம் இதுதான்.

அந்தக் காலத்து விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற அப்பா, பணமில்லாத வீடு. ஒரு மகன் இருந்திருந்தால் என்று அப்பா பெருமூச்சு விடுகிறார், அது மகள் காதில் விழுகிறது. அவள் க்ரீம் பூசுகிறாள், சிவக்கிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள். கடைசிக் காட்சியில் அப்பாவைப் பெரிய ஹோட்டலுக்குக் காபி குடிக்கக் கூட்டிப்போகிறாள்.

இதில் சொல்லாமல் விட்டதை எண்ணிப் பாருங்கள். அந்த வேலைக்கு உயரம் பார்ப்பார்கள், கண் பார்வை பார்ப்பார்கள், ஆங்கிலமும் இந்தியும் பேசச் சொல்வார்கள், மருத்துவப் பரிசோதனை உண்டு, பயிற்சி உண்டு. எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, வேலை கிடைக்காததற்கு ஒரே காரணமாக முகத்தின் நிறத்தை வைத்தார்கள். வேலை இல்லாத குறை நாட்டின் குறையாக இல்லாமல் அந்தப் பெண்ணின் தோலில் இருக்கும் குறையாக மாறிவிட்டது. 2003 உலகக் கோப்பை சமயத்தில் நம்ம கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்தும் ஜெனிலியாவும் வந்த விளம்பரம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதில் அந்தப் பெண்ணின் கனவு கிரிக்கெட் வர்ணனையாளர் ஆவது. வர்ணனைக்கு வேண்டியது குரலும் ஆட்ட அறிவும்.

நம் பகுதிக்கு இது எப்படி வந்து சேர்ந்தது? சோழவரம், காரனோடை, பொன்னேரி பக்கத்துப் பெட்டிக்கடைகளில் ஷாம்பு பாக்கெட் தொங்கிய அதே கம்பியில் இந்த க்ரீம் பாக்கெட்டும் தொங்கியது. ட்யூப் வாங்க முடியாதவர்கள் பாக்கெட்டைக் கிழித்து, மூன்று நான்கு நாள் வைத்துப் பூசினார்கள். கேபிள் டிவி வந்தது, 2006-க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சியும் வந்தது. அதே ஆண்டுகளில்தான் ப்ளஸ் டூ முடித்த நம் பெண்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் திருப்பெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறினார்கள்.

அங்கே ஒரு பாகுபாட்டை நான் கவனித்தேன். தொழிற்சாலைக்குள் வேலை செய்யும் பெண் தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொள்வாள். அவள் நிறத்தை எந்த இயந்திரமும் கேட்காது. வரவேற்பு மேஜை, நகைக்கடை, ஜவுளிக்கடை, அலுவலகத்தின் முன்பக்க வேலை, இவற்றில்தான் "லட்சணமா இருக்கணும்" என்ற வார்த்தை வரும். என்னிடம் படித்த ஒரு பெண், பி.காம். முதல் வகுப்பு. முன்பக்க வேலைக்கு மனுப் போட்டவளை உள்ளே கணக்குப் பிரிவுக்குப் போகச் சொன்னார்களாம். அவளைவிட மதிப்பெண் குறைந்த தோழிக்கு முன்பக்க வேலை கிடைத்தது. யாரும் காரணம் சொல்லவில்லை. "சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன் டீச்சர்" என்றாள். நிறபேதத்தைக் கண்டுபிடிப்பதில் உள்ள சிக்கல் இதுதான். எழுத்தில் எங்கும் இருக்காது.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்காமல் விடுவீர்களா? அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைச் சொல்கிறது. நிறம் அந்தப் பட்டியலில் இல்லை. அரசு வேலையைப் பற்றிய 16-ஆவது பிரிவிலும் இல்லை. வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111-ஆவது உடன்படிக்கையில் நிறம் என்ற சொல் இருக்கிறது, இந்தியா 1960-இலேயே அதை ஏற்றுக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், கேபிள் தொலைக்காட்சி விளம்பர விதிகளிலும் அந்தச் சொல் இருக்கிறது. இனம், சாதி, நிறம், மதம் எதையும் இழிவுபடுத்தும் விளம்பரம் கூடாது என்கிறது அந்த விதி.

அந்தச் சொல்லைத்தான் பிடித்தார்கள். அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் 2002-இல் நிறுவனத்திடம் புகார் செய்தது. பலன் இல்லாமல் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனது. புகார் அங்கிருந்து தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குச் சென்றது. 2003-இல் அந்த விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு மார்ச்சில் பெண்களின் படிப்புக்கும் தொழிலுக்கும் உதவ ஃபேர் அண்ட் லவ்லி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை நிறுவனம் தொடங்கியது. க்ரீம் பூசினால் வேலை என்று சொன்ன பெயரே படிப்புக்கு உதவித்தொகையும் கொடுத்தது.

இது பற்றிப் படித்தவர்களுக்குள்ளேயே பெரிய வாதம் நடந்தது. கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலாவில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சி.கே. பிரகலாத், ஏழைகளையும் வாடிக்கையாளராக மதிக்க வேண்டும் என்றவர். கூட்டிப் பெருக்கும் ஒரு பெண் இந்த க்ரீமைப் பெருமையோடு பூசுவதை உதாரணம் காட்டி, அவளுக்கும் தேர்வு செய்யும் உரிமை கிடைக்கிறது, அது அவளுக்கு வலிமை தருகிறது என்று எழுதினார். அதே பல்கலைக்கழகத்தின் அனீல் கர்னானி 2007-இல் மறுத்து எழுதினார். அவளைத் தாழ்த்தும் எண்ணத்தையே அவளுக்கு விற்றுவிட்டு அதை வலிமை என்பது மாயை என்பது அவர் வாதம்.

நான் கர்னானி பக்கம். ஆனால் பிரகலாத் பார்த்த பெண்ணின் பெருமை பொய்யில்லை என்றும் நினைக்கிறேன். தன் சம்பாத்தியத்தில் தனக்கென்று ஒரு பொருள் வாங்கிய பெருமை அது. இங்கே எத்தனையோ பெண்களின் முகத்தில் நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெருமையின் மேல் சிவப்பு என்ற சீட்டை ஒட்டியதுதான் தவறு.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விளம்பரத் துறையின் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல், கறுத்தவர்களைக் கல்யாணத்திலோ வேலையிலோ பதவி உயர்விலோ பின்தங்கியவர்களாகக் காட்டக் கூடாது, "முன்பு" படத்தில் சோகமாகக்கூடக் காட்டக் கூடாது என்று விதி செய்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு உலகமே நிறவெறி பற்றிப் பேசிய 2020-இல், ஜூலை மாதம், க்ரீமின் பெயர் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. "சிவப்பு" போய்ப் "பொலிவு" வந்தது. பொலிவு என்று கேட்பவர்கள் மனதில் என்ன நிறம் வருகிறது என்பதை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

என் பழைய மாணவர்களில் ஏழெட்டுப் பேராவது இன்று சிப்காட் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் சுற்றில் புகைப்படம் ஒட்டிய விண்ணப்பம் கேட்காதீர்கள். நேர்முகத் தாளில் "தோற்றம்" என்று ஒரு கட்டம் இருந்தால், சுத்தமான உடையா, நேரத்துக்கு வந்தாரா என்று உடைத்து எழுதிவிடுங்கள். அந்த ஒற்றைச் சொல்லுக்குள்தான் மற்றதெல்லாம் ஒளிந்துகொள்கிறது.

அந்த நாளில் வேலைக்கு அலைந்த பெண்கள், உங்களுக்கு நேர்ந்ததைக் கீழே எழுதுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம், என்ன வேலை, என்ன சொன்னார்கள் என்பது போதும். பேத்திகள் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், சோழவரம்