எந்தச் சமச்சீர்?

அன்புள்ள முதலாண்டு இயற்பியல் மாணவர்களுக்கு,

காஸ் விதித் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தி முடித்தேன். ‘சமச்சீரினால்’ என்ற சொல் ஏறக்குறைய எல்லாத் தாளிலும் இருக்கிறது. எந்தச் சமச்சீர் என்று மிகச் சிலரே எழுதியிருக்கிறீர்கள். குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. அந்தச் சொல்லே வழியில் பொருள் மாறி வந்தது.

சிம்மெட்ரி என்பதன் வேர் கிரேக்கம். ‘சேர்ந்து’, ‘அளவு’ என்னும் இரண்டு சொற்களின் கூட்டு. யூக்ளிட் தம் பத்தாம் நூலில், ஒரே அளவுகோலால் மீதமின்றி அளக்கக்கூடிய இரண்டு நீளங்களை இந்தச் சொல்லால் குறித்தார். சதுரத்தின் பக்கமும் மூலைவிட்டமும் அவருக்குச் சமச்சீர் அற்றவை! ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கையில் அதே சொல், கோயிலின் உறுப்புகளுக்கும் முழுமைக்கும் உள்ள விகிதப் பொருத்தமானது. பார்த்தால் ஒழுங்காக, நிறைவாக இருக்க வேண்டும். நம் பேச்சில் புழங்கும் பொருளும் இதற்கு அருகில்தான். 2010-இல் வந்த சமச்சீர்க் கல்விச் சட்டத்துக்குப் பிறகு ‘சமச்சீர்’ என்றாலே பாடத்திட்டம்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. அங்கும் ஏற்றத்தாழ்வு இல்லாமை என்பதே கருத்து.

திருப்பம் 1794-இல். லெஜாந்தர் தம் வடிவியல் நூலில், ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக அமையும் திண்மங்களைச் சமச்சீரானவை என்றார். அதற்குப் பிந்திய நூறாண்டில் சொல் தோற்றத்தை விட்டுச் செயலுக்கு நகர்ந்தது. ஒன்றைச் சுழற்றுகிறோம், நகர்த்துகிறோம், பிரதிபலிக்கிறோம். செய்தபின் அது முன்பு இருந்தபடியே இருந்தால், அந்தச் செயல் அதன் சமச்சீர். 1894-இல் பியர் கியூரி இதை இயற்பியலுக்குள் கொண்டுவந்தார்: காரணத்தில் உள்ள சமச்சீர் விளைவிலும் இருந்தாக வேண்டும். மின்னூட்டம் காரணம், மின்புலம் விளைவு.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். 20 செ.மீ. நீளமுள்ள தண்டில் மின்னூட்டம் சீராகப் பரவியிருக்கிறது. அதன் நடுப்புள்ளிக்கு நேரே 10 செ.மீ. தள்ளி மின்புலம் என்ன? பலரும் தண்டைச் சுற்றி உருளை வரைந்து, E = λ/(2πε₀r) என்று முடித்துவிட்டீர்கள். படத்தில் தண்டு அழகாக, இருபுறமும் சமமாகத்தான் தெரிகிறது. அது விட்ருவியஸின் சமச்சீர். காஸ் விதிக்கு வேண்டியது கியூரியுடையது.

முடிவிலா நீளக் கம்பியை எடுங்கள். நீளவாக்கில் எவ்வளவு நகர்த்தினாலும் அது அதுவே. ஆகவே E நீளத்தைச் சார்ந்திருக்க முடியாது. அச்சைச் சுற்றிச் சுழற்றலாம்; ஆகவே கோணத்தையும் சாராது. இதுவரை E-யின் அளவு உருளைமீது மாறாது என்பது மட்டுமே தெரியும், திசை தெரியாது. திசையைச் சொல்வது கண்ணாடி. அச்சு வழியாகச் செல்லும் தளத்தில் பிரதிபலித்தால், சுற்றுவாக்கில் உள்ள கூறு குறி மாறும், கம்பியோ மாறவில்லை. எனவே அந்தக் கூறு சுழி. கம்பிக்குக் குறுக்கான எந்தத் தளமும் கண்ணாடிதான். எனவே நீளவாக்குக் கூறும் சுழி. இவ்வளவும் கைக்கு வந்த பிறகுதான் E தொகையீட்டுக்கு வெளியே வரும்.

நம் தண்டுக்குச் சுழற்சி உண்டு, நகர்த்தல் கிடையாது. குறுக்குக் கண்ணாடியும் ஒன்றே ஒன்றுதான், நடுத்தளத்தில். ஆகவே அந்தத் தளத்தில் மட்டும் E நேராக வெளிநோக்கி நிற்கும். சற்று மேலே போனால் சாயும், அளவும் மாறும். காஸ் விதி அப்போதும் உண்மையே. ஆனால் உருளை வழியாகப் போகும் மொத்த மின்பாயத்தைச் சொல்லுமே தவிர, ஒரு புள்ளியின் E-யைச் சொல்லாது. இங்கே கூலூம் விதியை வைத்துத் தொகையிடுவதே முறை. இருக்கும் ஒரு கண்ணாடி அதிலும் உதவும்: வெளிநோக்கிய கூறை மட்டும் தொகையிட்டால் போதும். முன்விடையோடு (L/2)/√(r² + L²/4) என்ற காரணி பெருக்கலாக வரும். நம் எண்களுக்கு அது 0.707. உருளை வரைந்தவர்களின் விடை 41 விழுக்காடு அதிகம். ஆனால் 1 செ.மீ. தொலைவில் காரணி 0.995, தண்டு முடிவிலாதது என்று அங்கே துணிந்து எழுதலாம், தோராயம் என்று குறிப்பிட்டுவிட்டு.

இன்னொன்று: வடிவத்தைப் பார்க்காதீர்கள், மின்னூட்டத்தைப் பாருங்கள். உலோகக் கோளத்தின் அருகே ஒரு புள்ளி மின்னூட்டத்தை வைத்தால், கோளம் உருண்டையாகவே இருக்கும். அதன்மீதுள்ள மின்னூட்டம் ஒருபக்கம் ஒதுங்கிவிடும். கோளச் சமச்சீர் போயிற்று.

அடுத்த வகுப்புக்கு ஒரு கணக்கு. ஒரு முனையில் தொடங்கி மறுபுறம் முடிவின்றி நீளும் கம்பி. முனைக்கு நேர்குறுக்கே r தொலைவில் E என்ன? இதன் கண்ணாடி பிம்பத்தைச் சேர்த்தால் முழுக் கம்பி கிடைக்கும். ஆகவே வெளிநோக்கிய கூறு முழுக்கம்பியின் E-யில் சரிபாதி, λ/(4πε₀r). தொகையீடே தேவையில்லை. நீளவாக்குக் கூறைக் கண்ணாடி சொல்லாது. தொகையிட்டால் அதுவும் அதே அளவு வரும். E 45 பாகை சாய்ந்திருக்கும், r எதுவானாலும். r-ஐச் சாராதது ஏன் என்று யோசித்து வாருங்கள். ஒரு துப்பு: இந்தக் கம்பியை முனையிலிருந்து பெரிதாக்கினாலும் சுருக்கினாலும் அதன் வடிவம் மாறுவதில்லை.